தொண்ணூறு ரூபாய் ரவுண்டிங்கில் வருமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். வாடகை 21,000. பெரிய அறைக்காரருக்கு 5 பங்கு, நடு அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் தலைக்கு 3 பங்கு, சின்ன அறையில் இருக்கும் எனக்கு 4 பங்கு என்று குடிவந்தபோதே பேசி வைத்தோம். கரன்ட் பில்லை அவரவர் வீட்டில் இருந்த நாள் கணக்கில் பிரிக்கிறோம். இன்டர்நெட் சமபங்கு. போன மாதம் கரன்ட் 2,846, இன்டர்நெட் 799. பெரிய அறைக்காரரும் நடு அறையில் ஒருவரும் 30 நாள் இருந்தார்கள், இன்னொருவர் 17 நாள், நான் 24 நாள். பெரிய அறைக்காரர்தான் பணத்தை வாங்கி பில் கட்டுகிறார், ஷீட்டும் அவர்தான் போடுகிறார். எனக்கு வாடகை 5,670, கரன்ட் 696, இன்டர்நெட் 200, ஆக 6,566 என்று அனுப்பினார். நான் போட்டால் 6,476 வருகிறது. கேட்டால், “ரவுண்டிங்கில் வந்த வித்தியாசம், வாடகையைக் கூட்டிப் பார், சரியாக 21,000 வரும்” என்கிறார். கூட்டினேன், வருகிறது. 90 ரூபாய்க்காகச் சண்டை போட மனமில்லை. ஆனால் இது ரவுண்டிங்தானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் 6,476தான் சரி. உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எங்கேயோ ஒன்றை முழு எண்ணாக்கியிருக்கிறார். ஆனால் முழு எண்ணாக்க வேண்டிய இடத்தில் செய்யவில்லை. பணத்தை முழு ரூபாயாக்குவது வேறு, அந்தப் பணத்தைக் கணக்கிடும் விகிதத்தை முழு எண்ணாக்குவது வேறு. முதலாவதில் போவது பைசா. இரண்டாவதில் நூறு ரூபாய் வரைகூடப் போகும்.

கணக்கு வேலையில் இருக்கும் எங்களுக்கு “ரவுண்டிங் வித்தியாசம்” என்ற சொல் காதில் விழுந்ததும் மனதில் எழும் முதல் கேள்வி, அதற்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதுதான். ரவுண்டிங்குக்கு எப்போதும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு தொகையைப் பக்கத்து முழு ரூபாய்க்குக் கொண்டுபோனால் அது அதிகபட்சம் 50 பைசா நகரும், அதற்கு மேல் நகர இடமே இல்லை. உங்கள் தொகையில் மூன்று இனங்கள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியே முழு ரூபாயாக்கி, மூன்றும் உங்களுக்குப் பாதகமாகவே விழுந்தால்கூட 1 ரூபாய் 50 பைசா. பாரபட்சமே இல்லாமல் எல்லாவற்றையும் மேல்நோக்கியே ஏற்றினால் ஓர் இனத்துக்கு ஒரு ரூபாய்க்குள், மொத்தம் 3 ரூபாய்க்குள். உங்கள் வித்தியாசமோ 90. ஆகவே ஷீட்டைத் திறந்து பார்க்காமலே ஒன்று சொல்லிவிடலாம்: இது தொகையை ரவுண்ட் செய்ததில் வந்தது இல்லை.

அடுத்தது, எழுதும்போது கை தவறியிருக்குமோ என்று பார்க்க வேண்டும். பில்லில் 2,846 என்று இருப்பதை ஷீட்டில் 2,864 என்று ஏற்றிவிடுவது யாருக்கும் நடக்கும். இப்படிப் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். இந்த உதாரணத்தில் 18. உங்களுடைய 90உம் 9ஆல் வகுபடுகிறது, அதனால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் நீங்கள் இனவாரியாகக் கொடுத்திருப்பதால் சந்தேகம் உடனே தீர்ந்துவிடுகிறது. வாடகையில் உங்கள் பங்கு 21,000ஐ 4ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் 5,600. அவர் போட்டது 5,670, எனவே 70 அதிகம். கரன்டில் உங்களுக்கு வர வேண்டியது 676 ரூபாய் 28 பைசா. அவர் போட்டது 696, எனவே ஏறத்தாழ 20 அதிகம். இன்டர்நெட்டில் 199 ரூபாய் 75 பைசாவுக்கு 200, கால் ரூபாய் வித்தியாசம். ஆக, மொத்தமாகப் பார்த்தால் 9ஆல் வகுபடுவது தற்செயல். 90 என்பது ஒரே தவறு இல்லை, 70உம் 20உம் சேர்ந்த இரண்டு தனித்தனித் தவறுகள். இன்டர்நெட் மட்டும் நிஜமான ரவுண்டிங்.

மொத்த வித்தியாசத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. எப்போதும் இனம் இனமாக உடையுங்கள்.

முதலில் அந்த 70. இதன் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. உங்களிடம் கேட்ட தொகையை மொத்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். 5,670ஐ 21,000ஆல் வகுத்தால் வருவது 0.27. அதற்குப் பிறகு எதுவும் இல்லை, துல்லியமாக 0.27. உங்கள் நிஜப் பங்கு 15இல் 4, அதாவது 0.26666 என்று முடிவில்லாமல் ஓடும் எண். விடை இப்படி இரண்டே இலக்கத்தில் நின்றுவிடுவதுதான் கைரேகை. யாரோ 4/15ஐச் சதவீதமாக மாற்றி, 26.67 என்பதை 27 என்று எழுதி, பிறகு அந்த 27ஐ வாடகையோடு பெருக்கியிருக்கிறார்கள்.

இதே மாதிரி பெரிய அறைக்காரரின் 5/15 என்பது 33.33 சதவீதம். அது 33 ஆகியிருக்கும். நடு அறையில் இருப்பவர்களுக்கு 3/15, சரியாக 20. இப்போது கூட்டுங்கள்: 33, 20, 20, 27. மொத்தம் 100. ரூபாயாகப் பார்த்தால் 6,930, 4,200, 4,200, 5,670. மொத்தம் 21,000. ஒரு ரூபாய்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதனால்தான் உங்கள் நண்பருக்குக் கணக்கு சரி என்ற நம்பிக்கை வந்திருக்கிறது, உங்களுக்கும் பதில் சொல்லத் தெரியாமல் போயிருக்கிறது.

கூட்டல் டேலி ஆவது ஒரே ஒரு விஷயத்தைத்தான் காட்டும். வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் முழுதாக வசூலாகிறதா என்பதை. அந்தப் பணம் யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பது கூட்டலுக்குத் தெரியாது. பெரிய அறைக்காரர் கொடுக்க வேண்டியது 7,000. அவர் கொடுப்பது 6,930. அங்கே குறைந்த 70 அப்படியே உங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் குறைந்து இன்னொரு பக்கம் அதே அளவு கூடினால் கூட்டல் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு பங்கின் விலையைப் பாருங்கள். மொத்தம் 15 பங்கு, வாடகை 21,000, ஆகவே ஒரு பங்கு 1,400 ரூபாய். இந்த 1,400 நான்கு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் தொகையையும் அவருடைய பங்கால் வகுத்துப் பாருங்கள். நடு அறையில் இருப்பவர்கள் 4,200ஐ 3ஆல் வகுத்தால் 1,400, சரி. பெரிய அறைக்காரரின் 6,930ஐ 5ஆல் வகுத்தால் 1,386. உங்கள் 5,670ஐ 4ஆல் வகுத்தால் 1,417 ரூபாய் 50 பைசா. ஒரே வீட்டில் ஒரே பங்கு மூன்று விலைக்குப் போகிறது. சமமில்லாத பங்குகளில் பிரித்த எந்தக் கணக்கையும் நான் முதலில் இப்படித்தான் பார்ப்பேன். வகுத்து வரும் எண்கள் பைசா அளவில் முன்பின் இருந்தால் அது ரவுண்டிங். ரூபாய்க் கணக்கில் விலகினால் விகிதத்திலேயே கோளாறு.

சதவீதத்தை ரவுண்ட் செய்வது ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று கேட்பீர்கள். அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. முழுச் சதவீதமாக்கும்போது விகிதம் அதிகபட்சம் அரைச் சதவீதம் நகரும். 21,000க்கு அரைச் சதவீதம் 105 ரூபாய். ஆக, இந்த முறையில் ஒருவர் தலையில் 105 ரூபாய் வரை ஏறவும் வாய்ப்பு உண்டு, இறங்கவும் வாய்ப்பு உண்டு. தொகையை ரவுண்ட் செய்தால் 50 பைசாவுக்கு மேல் நகராது, சதவீதம் நகர்ந்தால் அந்த நகர்வை வாடகை பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு தசமம் வைத்து 26.67 என்று போட்டிருந்தால் உங்களுக்கு 5,600 ரூபாய் 70 பைசா வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம். அதைவிட நல்லது, சதவீதமே வேண்டாம். முதலில் பெருக்குங்கள், கடைசியில் வகுங்கள். 21,000 பெருக்கல் 4, 84,000. அதை 15ஆல் வகுத்தால் 5,600. தசமம் நடுவில் எட்டிப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பங்குகள் மாதாமாதம் மாறுவதில்லை. அதனால் இந்த 70உம் மாறாது. நிஜமான ரவுண்டிங் ஒரு மாதம் உங்களுக்குப் பைசா கூட்டும், அடுத்த மாதம் குறைக்கும், வருடக் கடைசியில் பெரும்பாலும் கரைந்துவிடும். இதுவோ ஒவ்வொரு மாதமும் ஒரே ஆளிடமிருந்து ஒரே ஆளுக்கு ஒரே தொகையாகப் போகிறது. பன்னிரண்டு மாதத்தில் 840 ரூபாய். ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும் வித்தியாசத்தை ரவுண்டிங் என்று விட்டுவிடக் கூடாது.

இனி கரன்டில் வந்த 20. அதே கைரேகையைத் தேடுங்கள். 696ஐ நீங்கள் இருந்த 24 நாளால் வகுத்தால் 29. சுத்தமான முழு எண். உண்மையில் ஒரு நாளுக்கு என்ன வர வேண்டும்? நான்கு பேரும் இருந்த நாட்களைக் கூட்டினால் 30, 30, 17, 24, மொத்தம் 101. பில் 2,846ஐ 101ஆல் வகுத்தால் 28 ரூபாய் 18 பைசாவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் நண்பர் சில்லறை வேண்டாமென்று ஒரு நாளுக்கு 29 என்று வைத்துக்கொண்டிருக்கிறார். நாளுக்கு 82 பைசா ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் அதை 24 தடவை உங்களிடம் வாங்குகிறார்.

இந்தத் தவறு வாடகையில் நடந்ததைப் போன்றதில்லை. இங்கே கூட்டலே காட்டிக் கொடுக்கும். நாளுக்கு 29 வீதம் 101 நாளுக்கு வசூலாவது 2,929. பில் 2,846. 83 ரூபாய் அதிகமாக வசூலாகியிருக்கிறது. அவர் உங்களை வாடகையைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார், நீங்களும் அதை மட்டும் கூட்டினீர்கள். மூன்று இனத்தையும் சேர்த்துக் கூட்டியிருந்தால் ஷீட்டில் 24,729 வந்திருக்கும், பில்களின் மொத்தமோ 24,645. இடையில் 84 ரூபாய். அதில் 83 கரன்ட், 1 இன்டர்நெட், ஏனென்றால் 799க்கு நான்கு பேரிடமும் 200 வாங்கினால் 800.

இந்த இடத்திலும் உச்சவரம்பைப் பயன்படுத்தலாம். மூன்று இனம், நான்கு பேர், ஆக 12 தொகைகள். ஒவ்வொன்றையும் மேல்நோக்கியே ஏற்றினாலும் மொத்தம் 12 ரூபாய்க்கு மேல் கூட வழியில்லை. 84 என்பது அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது.

ஷீட்டைக் கையில் வாங்கியதும் இதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். 27% என்று தெரியும் செல்லைத் தொட்டுப் பாருங்கள். மேலே உள்ள பட்டையில் =4/15 என்று வந்தால் உள்ளே நிஜமான விகிதம் இருக்கிறது, திரையில் மட்டும் 27 என்று சுருக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். 27% என்றோ 0.27 என்றோ நேரடியாகத் தட்டச்சு செய்திருந்தால் அதுதான் கோளாறு. உங்கள் ஷீட்டில் இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும். உள்ளே 4/15 இருந்திருந்தால் வாடகை 5,670 ஆகியிருக்காது.

திரையில் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் எதிர்ப்பக்கமாகவும் ஆளை ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாளை நீங்களே சரியான ஷீட் போட்டு, தசமம் தெரியாதபடி வைத்தீர்கள் என்று வையுங்கள். கரன்ட் வரிசையில் 845, 845, 479, 676 என்று தெரியும். கீழே மொத்தம் 2,846 என்று இருக்கும். யாராவது பேனாவை எடுத்துக் கூட்டினால் 2,845தான் வரும். உடனே “கணக்கு தப்பு” என்பார்கள். தப்பில்லை. 845 என்று தெரிவது உள்ளே 845 ரூபாய் 35 பைசா. 676 என்று தெரிவது 676 ரூபாய் 28 பைசா. மறைந்திருக்கும் அந்தப் பைசாக்கள் சேர்ந்துதான் ஒரு ரூபாய் ஆகின்றன.

ஆனால் அந்த ஒரு ரூபாயை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். நிஜமான ரவுண்டிங் பிரச்சினை என்றால் இதுதான். அளவில் சின்னது, ஆனால் முடிவு ஒன்று வேண்டும். நான் பரிந்துரைக்கும் முறை இது. எல்லோர் தொகையிலும் பைசாவை வெட்டிவிட்டு முழு ரூபாயை மட்டும் வையுங்கள். அப்போது மொத்தம் பில்லைவிடச் சற்றுக் குறையும். எத்தனை ரூபாய் குறைகிறதோ, அத்தனை பேருக்கு ஒவ்வொரு ரூபாய் ஏற்றுங்கள். வெட்டிய பைசா யாருக்கு அதிகமோ அவருக்கு முதலில். கரன்டை மட்டும் தனியாகப் பிரித்தால் இதில் ஒரு சிக்கல் வருகிறது பாருங்கள். அதிகமாக வெட்டுப்பட்டவர்கள் இரண்டு பேர், 30 நாள் இருந்த இருவரும். இருவருக்கும் அதே 35 பைசா. ரூபாயோ ஒன்றுதான். இப்படிச் சமமாக வரும்போது யார் முதலில் என்று முன்கூட்டியே ஒரு வரிசை பேசி வைத்துக்கொண்டு, மாதாமாதம் மாற்றிக்கொண்டே போங்கள். பணம் வசூலிப்பவரே எப்போதும் ஏற்றுக்கொள்வது என்றாலும் சரிதான், அவர் சம்மதித்தால்.

இதைவிட எளிது, இனத்துக்கு இனம் ரவுண்ட் செய்யாமல், ஒவ்வொருவரின் மூன்று இனத்தையும் பைசாவோடு கூட்டிவிட்டு, கடைசித் தொகையை ஒரே ஒரு தடவை முழு ரூபாயாக்குவது. ரவுண்ட் செய்யும் இடங்கள் 12இலிருந்து 4 ஆகக் குறையும். ஷீட்டில் ஓர் இனத்துக்கு B1இல் பில் தொகையையும், B2 முதல் B5 வரை நால்வரின் பங்கையோ நாளையோ போட்டு, C2இல் இப்படி எழுதி C5 வரை இழுத்துவிடுங்கள்:

```
=B$1*B2/SUM(B$2:B$5)
```

இங்கே ROUND எதுவும் வேண்டாம். கரன்டுக்கு D, E, இன்டர்நெட்டுக்கு F, G என்று அதேபோல் இரண்டிரண்டு நிரல்கள். சமபங்குக்கு நால்வருக்கும் 1 என்று போட்டால் போதும். அப்புறம் கடைசி நிரலான Hஇல் மட்டும், H2இல் இப்படி எழுதி H5 வரை இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(C2+E2+G2,0)
```

ஒரு செல்லில் பில்களின் மொத்தத்திலிருந்து இந்த நிரலின் மொத்தத்தைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பேர் என்பதால் அங்கே வரும் எண் ஏதாவது ஒரு பக்கம் 2ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஷீட்டில் எங்கோ சூத்திரம் உடைந்திருக்கிறது. ஒருவேளை யாரோ ஒரு செல்லில் எண்ணை நேரடியாகத் தட்டியிருப்பார்கள்.

போன மாதத்தை இப்படிப் போட்டால் பெரிய அறைக்காரருக்கு 8,045, நடு அறையில் மாதம் முழுக்க இருந்தவருக்கு 5,245, 17 நாள் இருந்தவருக்கு 4,879, உங்களுக்கு 6,476. கூட்டினால் 24,645, பில்களின் மொத்தமும் அதுவே. இந்த மாதம் மிச்சம் மீதி எதுவும் வரவில்லை, யாருக்கும் ஒரு ரூபாய் ஏற்ற வேண்டிய வேலையும் இல்லை.

அவர் போட்ட ஷீட்டோடு ஒப்பிட்டால் நடு அறையில் முழு மாதம் இருந்தவர் 25 ரூபாயும், 17 நாள் இருந்தவர் 14 ரூபாயும், நீங்கள் 90 ரூபாயும் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து 129. உங்கள் மூவரிடமும் வாங்கிய பிறகு பெரிய அறைக்காரர் கையிலிருந்து போட வேண்டியது 7,916தான் ஆகிறது, 8,045 இல்லை. ஷீட்டில் தன் பெயருக்கு நேரே 8,000 என்று அவர் எழுதியிருப்பார், ஆனால் அதிகமாக வசூலான 84 அவரிடமே தங்கிவிடுகிறது. இது அவருக்கே தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தன் வரிசையில் எழுதிய தொகையைப் பார்க்கிறவர் தன் பையிலிருந்து போன தொகையைத் தனியாகக் கணக்கிடுவது அரிது.

வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் அப்படிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். 26.67ஐ 27 ஆக்குவதும் 33.33ஐ 33 ஆக்குவதும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த விதிதான். அவர் விதியை ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறார். பங்குகள் வேறு மாதிரி அமைந்திருந்தால் அதே விதி உங்களுக்கு லாபமாகவும் அவருக்கு நஷ்டமாகவும் விழுந்திருக்கும்.

பேசப் போகும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். குடிவந்தபோது பேசியது பங்கா, சதவீதமா? அன்றைக்கு எழுதிவைத்த செய்தி ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். 33, 20, 20, 27 என்று சதவீதமாகவே பேசி எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் 5,670 தவறே இல்லை, அதுதான் ஒப்பந்தம். அப்போது கரன்டில் வந்த 20ஐ மட்டும்தான் கேட்க முடியும். நீங்கள் எழுதியபடி 5, 3, 3, 4 என்று பேசியிருந்தால் சதவீதம் என்பது அவர் வசதிக்காக நடுவில் கொண்டுவந்தது, அதற்கு உங்களைக் கட்டுப்படுத்த முடியாது.

நாள் கணக்கிலும் இதே மாதிரி ஒரு விளக்கம் தேவை. ஊருக்குக் கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் உண்டா இல்லையா என்பதில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அது உங்களுக்கு ஏறத்தாழ 21 ரூபாய். அது ரவுண்டிங்கும் இல்லை, தவறும் இல்லை, பேசி வைக்க வேண்டிய விஷயம்.

பேசும்போது 90 ரூபாயைப் பற்றித் தொடங்காதீர்கள். “வாடகையை என் பங்கால வகுத்தா ஒரு பங்கு 1,417 வருது, உங்க பங்கால வகுத்தா 1,386 வருது. ஏன் வேற வேறயா இருக்கு, சேர்ந்து பாக்கலாமா” என்று கேளுங்கள். இதற்குக் கால்குலேட்டர் இருந்தால் போதும், அவரே தட்டிப் பார்த்துக்கொள்வார். கூட்டல் சரியாக வருகிறது என்ற பதிலும் இதற்கு எடுபடாது, ஏனென்றால் நீங்கள் கூட்டலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பழைய மாதங்களுக்கு வாடகையைச் சரிசெய்வது சுலபம். இதே 27 சதவீதத்தை எத்தனை மாதம் போட்டாரோ, அத்தனை 70. நடு அறையில் இருப்பவர்களுக்கு வாடகையில் எந்த மாற்றமும் வராது, அதனால் இது உங்கள் இருவருக்குள் முடிகிற விஷயம். கரன்டுக்கு அந்தந்த மாதத்து நாள் கணக்கும் பில்லும் இரண்டும் வேண்டும். நாள் கணக்கு எழுதிவைக்காத மாதங்களை நான் தோண்டச் சொல்ல மாட்டேன், நினைவிலிருந்து எடுக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் தவறைவிடப் பெரிய தவறைக் கொண்டுவரும். நாள் கணக்கு இருக்கும் மாதங்களுக்கு, நாளுக்கு அவர் வைத்த முழு எண்ணின் இடத்தில் பில்லை மொத்த நாட்களால் வகுத்து வரும் எண்ணைப் போட்டு, நான்கு பேருக்கும் சேர்த்தே திருத்துங்கள். உங்களுக்கு மட்டும் திருத்தினால், நடு அறையில் இருக்கும் இருவரும் கொடுத்த அதிகப் பணம் அப்படியே நின்றுவிடும்.